பத்தாவது வாரத்தில் டி.எஸ்.எச். ஏன் இறங்குகிறது?

பத்து வாரக் கர்ப்பிணி ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.2 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் இயல்பு அளவு 0.4 முதல் 4.5 வரை என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் ‘குறைவு’ என்ற குறி. தைராய்டு அதிகமாகிவிட்டதோ என்று வீடே கலங்கும். ஆனால் அச்சிட்ட அந்த எல்லை கர்ப்பமில்லாத பெரியவர்களுக்கானது.

டி.எஸ்.எச்., தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி அதைக் குறைத்துக்கொள்ளும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனின் அமைப்பு, டி.எஸ்.எச்.சின் அமைப்பை ஓரளவு ஒத்தது. அதனால் அதுவும் தைராய்டைத் தூண்டுகிறது. எட்டிலிருந்து பதினொன்றாவது வாரத்துக்குள் ஹெச்.சி.ஜி. உச்சத்தைத் தொடும், டி.எஸ்.எச். அப்போதுதான் மிகவும் இறங்கும். பிறகு ஹெச்.சி.ஜி. குறையக் குறைய, டி.எஸ்.எச். மெல்ல ஏறிப் பழைய அளவை நெருங்கும்.

எனவே அந்தந்த ஊர்க் கர்ப்பிணிகளை வைத்து வகுத்த எல்லை இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால், அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ஏழு முதல் பன்னிரண்டு வாரம் வரை கீழ் எல்லையைச் சுமார் 0.4, மேல் எல்லையைச் சுமார் 0.5 குறைத்துக்கொள்ளலாம். அப்படிக் கணக்கிட்டால் நம் கர்ப்பிணிக்கான எல்லை ஏறத்தாழ 0 முதல் 4.0 வரை. 0.2 அதற்குள்தான் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் மும்மாதங்களில் எல்லை படிப்படியாக வழக்கமான அளவை நோக்கித் திரும்பும். பழைய ரிப்போர்ட்டுகளில் காணும் 2.5 என்ற மேல் எல்லை 2011 வழிகாட்டுதலில் இருந்தது. அதை எல்லோருக்கும் பொதுவாக வைப்பது பின்னர் கைவிடப்பட்டது.

இதே பெண்ணுக்கு 4.3 வந்திருந்தால்? அச்சிட்ட எல்லைக்குள் இருப்பதால் எந்தக் குறியும் விழாது. ஆனால் அந்த வாரத்துக்கு அது சற்று அதிகம். கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தை தாயின் தைராய்டு ஹார்மோனையே பெரிதும் நம்பியிருப்பதால், இதைக் கவனிக்காமல் விடக் கூடாது. தைராய்டைத் தாக்கும் எதிரணுக்கள் உள்ளனவா என்று பார்த்து, சிகிச்சை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

குறைந்த அளவு எல்லாமே இயல்பானது என்றும் சொல்லிவிட முடியாது. டி.எஸ்.எச். கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, டி4 உயர்ந்து, கழுத்து வீக்கமோ கண் பிதுக்கமோ இருந்தால் கிரேவ்ஸ் நோயா என்று பார்க்க வேண்டும். கடும் வாந்தியோ இரட்டைக் கருவோ இருந்தால், ஹெச்.சி.ஜி. மிகுதியாலேயே டி.எஸ்.எச். அப்படி இறங்கலாம், அது பெரும்பாலும் தானாகச் சரியாகும். இரண்டையும் பிரித்தறியாமல் தைராய்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரை தருவது ஆபத்து. ஆரம்ப வாரங்களில் அவை குழந்தைக்குப் பிறவிக் குறைகளை உண்டாக்கக்கூடும்.

அதனால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போதே எத்தனையாவது வாரம் என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வாரம் தெரியாமல் டி.எஸ்.எச். எண்ணைச் சரியாகப் படிக்க முடியாது.