கேட்பது அசல் செயலிதானா?

பணம் அனுப்பும் செயலியில் 500 ரூபாய் என்று போட்டு "அனுப்பு" பொத்தானைத் தொட்டால், நிறுவனத்தின் சர்வருக்கு ஒரு கோரிக்கை போகிறது. சர்வர் பார்ப்பது அந்தக் கோரிக்கையை மட்டும்தான். அனுப்பியது அசல் செயலியா, யாரோ பிரித்து மாற்றிய போலியா, எங்கோ கணினியில் ஓடும் நிரலா என்று அதற்குத் தெரியாது.

ஆண்ட்ராய்டில் இதைக் கண்டறிய கூகுள் தரும் வசதிதான் பிளே இன்டெக்ரிட்டி ஏபிஐ. "நீ அசல்தானா?" என்று செயலியையே கேட்டுப் பயனில்லை, போலியும் ஆமாம் என்றுதான் சொல்லும். அதனால் செயலி, போனில் உள்ள கூகுள் பிளேயிடம் ஒரு டோக்கன் வாங்கி, கோரிக்கையோடு சேர்த்து அனுப்புகிறது. டோக்கன் மறையாக்கம் செய்யப்பட்டது. செயலியால் படிக்கவோ திருத்தவோ முடியாது. சர்வர் அதைக் கூகுளிடம் கொடுத்துப் பிரித்து வாங்கிப் பார்க்கிறது.

போலி எப்படி மாட்டுகிறது? ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலியிலும் ஒரு ரகசியச் சாவியால் போட்ட டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். உள்ளே ஒரு வரியை மாற்றினாலும் அந்தக் கையொப்பம் செல்லாது. மாற்றியவரிடம் அசல் சாவி இல்லாததால் தன் சாவியால்தான் மறுபடி கையொப்பமிட வேண்டும். பிளே விநியோகித்த பதிப்போடு அது பொருந்தாது. சர்வருக்கு இப்படி விடை வரும்:

```
"appRecognitionVerdict": "UNRECOGNIZED_VERSION"
```

அசலாக இருந்தால் அந்த இடத்தில் `PLAY_RECOGNIZED` என்றிருக்கும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இங்கேதான் ஓட்டை விழுகிறது. மோசடிக்காரர் அசல் செயலியிலேயே டோக்கன் வாங்கி, அதை வேறொரு கோரிக்கையில் ஒட்டி அனுப்பலாம். 500 ரூபாய்க்கு வாங்கிய டோக்கன், 5,000 ரூபாய்க் கோரிக்கையோடு வந்து நிற்கும். டோக்கன் அசல்; கோரிக்கை போலி.

இதைத் தடுக்கவே `requestHash` இருக்கிறது. டோக்கன் கேட்கும்போதே செயலி தொகை, பெறுபவர் போன்ற விவரங்களிலிருந்து ஒரு ஹாஷ் கணக்கிட்டுக் கொடுக்கிறது. அது டோக்கனுக்குள் பதிந்துவிடும். சர்வர் தனக்கு வந்த கோரிக்கையிலிருந்து அதே ஹாஷைத் தானும் கணக்கிடும். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் இரண்டும் ஒத்துப்போகாது. இந்த ஒப்பீட்டையும் முடிவையும் சர்வரில்தான் வைக்க வேண்டும். செயலிக்குள் வைத்தால், செயலியை மாற்றத் தெரிந்தவர் அந்தச் சோதனையையும் சேர்த்தே நீக்கிவிடுவார்.

விடை சரியில்லை என்றதும் கதவைச் சாத்துவதும் நல்லதல்ல. அசல் செயலியையே பிளேயில் வாங்காமல் வேறு வழியில் நிறுவியவருக்கு `UNLICENSED` வரும். போனின் இயங்குதளத்தைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டவருக்குச் சாதனச் சோதனை தவறலாம். இருவருமே நேர்மையானவர்களாக இருக்கலாம். அவர்களை இருப்பு பார்க்க விட்டு, பெரிய தொகை அனுப்பும்போது மட்டும் கூடுதல் சரிபார்ப்பு கேட்பதே நியாயம் என்பேன். முதல் சில வாரங்கள் யாரையும் தடுக்காமல் விடைகளைப் பதிவு மட்டும் செய்தால், எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

போனைப் பிடித்திருக்கும் ஆள் யார் என்பது இந்தச் சோதனையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஏமாற்றுக்காரர் போனில் பேசி மிரட்ட, உரிமையாளரே தன் போனில் அசல் செயலியைத் திறந்து பணம் அனுப்பினால், எல்லா விடையும் சரியென்றே வரும்.