மேட்டுல விழுந்த ஓட்டை: ட்ரோன் சர்வேயில் ஜி.எஸ்.டி.யும் ஓவர்லாப்பும்

இன்னைக்கு ஜி.எஸ்.டி. பத்திப் பேசப் போறோம். பயப்படாதீங்க, வரி இல்ல. ட்ரோன் சர்வேயில இதுக்கு 'கிரவுண்ட் சாம்பிளிங் டிஸ்டன்ஸ்'னு பேர். படத்துல இருக்கிற ஒரு பிக்சல், தரையில எத்தனை சென்டிமீட்டரை மூடுதுங்கிறதுதான் அது.

இதுல நான் ஒரு தடவை நல்லா அடி வாங்கினேன். ஒரு கல்குவாரி சர்வே. கீழே சமதளம், நடுவுல 60 மீட்டர் உயரத்துல ஒரு மேடு, அதுமேல ஜல்லிக் குவியல். அந்தக் குவியலோட கன அளவுதான் அவங்களுக்கு வேணும். ட்ரோனைக் கீழே இருந்து கிளப்பி, 100 மீட்டர் உயரத்துல பறக்க விட்டேன். கணக்கு இதுதான்:

```
GSD = (S × H) / (f × N)
```

S சென்சாரோட அகலம், H பறக்கிற உயரம், f லென்ஸோட குவிய தூரம், N படத்தோட அகலத்துல இருக்கிற பிக்சல் எண்ணிக்கை. என் கேமராவுல சென்சார் 13.2 மி.மீ., லென்ஸ் 8.8 மி.மீ., அகலத்துல 5472 பிக்சல். 100 மீட்டர் உயரத்துக்கு 2.74 செ.மீ. வந்தது. அதை 5472 ஆல் பெருக்கினா, ஒரு படம் தரையில 150 மீட்டர் அகலத்தைப் பிடிக்குது. பறக்கிற திசையில 100 மீட்டர்.

அடுத்தது ஓவர்லாப். அடுத்தடுத்த படங்கள் ஒண்ணுமேல ஒண்ணு ஏறணும். அப்பதான் ஒரே புள்ளியைப் பல கோணத்துல பார்த்து, அதோட உயரத்தை சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கும். முன்பின்னா 80%, பக்கவாட்டுல 70% வெச்சேன். அப்படின்னா 100 மீட்டர்ல மிச்சம் 20%, அதாவது 20 மீட்டருக்கு ஒரு படம். 150 மீட்டர்ல மிச்சம் 30%, அதாவது லைனுக்கு லைன் 45 மீட்டர் இடைவெளி. இந்தக் கணக்குல ஒவ்வொரு புள்ளியும் சுமார் 16 படத்துல விழும். தாராளம்.

ஆனா ரிசல்ட்ல, சரியா அந்த மேட்டு மேலேயே ஓட்டை. குவியலைக் காணோம்! இதுல வேடிக்கை என்னன்னா, படங்களைப் பெரிசாக்கிப் பார்த்தா மேட்டுப் படங்கள்தான் ரொம்ப விவரமா இருந்தது.

காரணம் சிம்பிள். மேட்டு உச்சியிலிருந்து பார்த்தா ட்ரோன் 40 மீட்டர் உயரத்துலதான் பறக்குது. அங்க ஜி.எஸ்.டி. 1.1 செ.மீ., அதாவது இன்னும் நுணுக்கம். ஆனா படம் பிடிக்கிற இடமும் 60-க்கு 40 மீட்டரா சுருங்கிடுச்சு. லைன் இடைவெளி மட்டும் அதே 45. இப்போ 60 மீட்டர்ல 45 போனா, பக்கவாட்டு ஓவர்லாப் வெறும் 25%. முன்பின் 50%. 16 படத்துல விழ வேண்டிய புள்ளி, மூணு படத்துல கூட ஒழுங்கா விழல.

அதாவது தரை மேல ஏற ஏற ஜி.எஸ்.டி. நல்லாகும், ஓவர்லாப் கெட்டுப்போகும். அதனால இப்பெல்லாம் ஜி.எஸ்.டி.யைத் தாழ்வான இடத்துக்குப் போடுறேன், ஓவர்லாப்பை உயரமான இடத்துக்குப் போடுறேன்.

'இன்னும் உயரமாப் பறந்தா என்ன?'ன்னு கேட்பீங்க. இந்தியாவுல பச்சை மண்டலத்துல 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான் முன் அனுமதி இல்லாம பறக்கலாம். 'தரையோட ஏற்ற இறக்கத்துக்கு ஏத்த மாதிரி ட்ரோன் தானா ஏறி இறங்குற வசதி இருக்கே?' இருக்கு. ஆனா அதுக்கு உயர வரைபடம் வேணும். இலவசமாக் கிடைக்கிற எஸ்.ஆர்.டி.எம். தரவு 2000 பிப்ரவரியில எடுத்தது. அதுக்கப்புறம் கொட்டின குவியல் எதுவும் அதுல இருக்காது.

அதனால ரெண்டாவது தடவை, எங்க செலவுலயே போய், முதல்ல மேட்டோட உயரத்தை அளந்தேன். கேமராவை நேரா முன்னாடி பார்க்க வெச்சு, உச்சி திரையோட நட்டநடுவுல வர்ற வரைக்கும் ட்ரோனை ஏத்தினா, திரையில காட்டுற உயரம்தான் மேட்டோட உயரம். அப்புறம் மேட்டுக்கு மட்டும் தனி ஃபிளைட். உச்சியில பக்கவாட்டுல 60%, முன்பின்னா 70% கிடைக்கணும்னு வெச்சேன். 60 மீட்டர்ல 40%னா லைன் இடைவெளி 24 மீட்டர். 40 மீட்டர்ல 30%னா 12 மீட்டருக்கு ஒரு படம். என் கேமரா ரெண்டு வினாடிக்கு ஒரு படம்தான் எடுக்கும், அதனால வேகத்தை 10-லிருந்து வினாடிக்கு 6 மீட்டராக் குறைச்சேன்.

இந்த இடைவெளியில மொத்த குவாரியையும் எடுத்திருந்தா, படமும் பறக்கிற நேரமும் மூணு மடங்கு ஆகியிருக்கும். மேட்டுக்கு மட்டும்ங்கிறதால ஒரே பேட்டரியில முடிஞ்சது. ஓட்டையும் அடைஞ்சது, குவியலும் கிடைச்சது.

அடுத்த தடவை பிளானிங் ஆப்ல 80%, 70%ன்னு பார்த்தா, அது நீங்க ட்ரோனைக் கிளப்பின தரைக்கான கணக்கான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.