புத்தாண்டு வாழ்த்து: படத்தை நிறுத்திவிட்டு ஒரு வரி எழுதுவது எப்படி

2017 டிசம்பர் 31 அன்று மட்டும் இந்தியாவில் 2,000 கோடி வாட்ஸப் செய்திகள் அனுப்பப்பட்டதாக அந்த நிறுவனமே சொன்னது. அதில் பாதி ரோஜாப்பூவும் விளக்கும் போட்ட படங்களாக இருந்தால்கூட ஆச்சரியமில்லை. அடுத்த ஆண்டே 'ஃபார்வேர்டட்' என்ற முத்திரை வந்தது. அதிலிருந்து, நம்ம வாழ்த்து வேற எங்கிருந்தோ வந்ததுங்கறத வாட்ஸப்பே வாடிக்கையாளருக்குச் சொல்லிடுது.

நான் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் தொழிலில் இருப்பவன். இந்தத் தொழிலில் வாழ்த்துப் படத்தால் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு நாங்கள் கெடு நாட்களைச் சொல்வதும் அதே வாட்ஸப்பில்தான். கெடுவுக்குள் தாக்கல் செய்யாதவர்கள் தாமதமாகவாவது வருமான வரிக் கணக்கு கொடுக்கக் கடைசி நாள் டிசம்பர் 31. அது போனால், பிடித்த வரியைத் திரும்பப் பெறுவது ரொம்பக் கஷ்டம். தெரிந்த ஒருவருக்கு அதுதான் நடந்தது. அவருடைய ஆலோசகர் வெள்ளிக்கிழமை தவறாமல் சாமி படம், பண்டிகைக்கு நாலு படம் என்று அனுப்புவார். தொல்லை தாங்காமல் இவர் அந்த எண்ணை மியூட்டில் போட்டுவிட்டார். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வந்த "படிவம் 16 அனுப்புங்க" என்ற செய்தி இரண்டு மாலைப் படங்களுக்கு நடுவே கிடந்தது. பொங்கலுக்கு அப்புறம்தான் பார்த்தார். ஏறக்குறைய 18,000 ரூபாய் நின்றுபோனது. அந்த ஆலோசகர் செய்தி அனுப்பத்தான் செய்தார். ஆனா அவர்கிட்ட இருந்து எது வந்தாலும் திறக்க வேணாம்னு அவரே பழக்கி வச்சிருந்தார்.

அதனால் என் வழக்கம், வருஷத்துக்கு ஒரே வாழ்த்து, அதுவும் அவருக்கென்றே எழுதியது. அதை எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

வேலை ஜனவரியில் தொடங்குவதில்லை

கடைசி நேரத்தில் உட்கார்ந்தால் யாரைப் பற்றியும் ஒன்றும் ஞாபகம் வராது. அதற்கு ஒரு நோட்டு வேண்டும். வாடிக்கையாளர் நாற்காலியை விட்டு எழுந்து போனதும் ஒரே ஒரு வரி எழுதி வைக்கிறேன். "மகள் நர்சிங் சேர்ந்தாச்சு." "கண் ஆபரேஷன், வலது கண்." "புதுக் கடைக்கு ஷட்டர் போட்டாச்சு." அவரை எப்படிக் கூப்பிடுவேன் என்பதும் அதே வரியில்: அண்ணா, சார், அக்கா, டீச்சர். நேரில் 'அண்ணா' என்று கூப்பிடுகிறவருக்கு எழுத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று போட்டால் அதுவும் படம் மாதிரிதான் தெரியும்.

இன்னும் இரண்டு குறிப்புகள் அவசியம். ஒன்று, எது அவருக்குப் புத்தாண்டு. குஜராத்தி வியாபாரிகளுக்குத் தீபாவளிக்கு மறுநாள்தான் புதுக்கணக்கு. அவர்களுக்கு அன்றே எழுதிவிடுவேன். சித்திரை ஒன்றைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. இரண்டு, வீட்டில் துக்கம் நடந்ததா என்பது. ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கொண்டாடாத வீட்டுக்குப் பட்டாசு வெடிக்கிற படம் போனால், அந்த உறவு அங்கேயே அறுந்துபோகலாம். மொத்தமாக அனுப்பும் பட்டியலுக்கு இது தெரியாது. நோட்டுக்குத் தெரியும்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்

என்னிடம் 150 பேர் இருக்கிறார்கள். அதில் 60 பேருக்கு நோட்டில் நல்ல குறிப்பு இருக்கும். ஒருவருக்கு நாலு நிமிஷம் என்றால் 240 நிமிஷம். இன்னும் 70 பேருக்குத் தொழிலை ஒட்டி ஒரு வரி போதும். ஒன்றரை நிமிஷம் வீதம் 105 நிமிஷம். மீதி 20 பேர் ஒரு தடவை வந்து போனவர்கள். அவர்களுக்கு எதுவும் அனுப்புவதில்லை. மொத்தம் 345 நிமிஷம், ஆறு மணி நேரத்துக்கும் குறைவு.

இதை ஜனவரி 2 முதல் 9 வரை எட்டு நாளில் பிரித்தால் தினமும் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஏன் அந்த நாட்கள்? டிசம்பர் 31 எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத நாள். ஜனவரி 11 வந்தால் ஜிஎஸ்டிஆர் 1 கெடு. நடுவில் கிடைப்பது இந்த ஒரு வாரம்தான். வாடிக்கையாளர் பக்கமும் இதுவே வசதி. முதல் தேதி வந்த நூறு படங்களையும் அழித்து முடித்திருப்பார். நாலாம் தேதி தனியாக வரும் செய்தி கண்ணில் படும்.

எழுதும் விதம்

இரும்புக்கடைக்காரர் ஒருவருக்கு எழுதியதைப் பார்ப்போம். முதலில் வந்த வரைவு இது: "அண்ணா, உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள். எல்லா வளமும் பெறுக." பெயரை மறைத்துவிட்டுப் படித்தேன். இதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அப்படியென்றால் இதுவும் ஃபார்வேர்டுதான். நோட்டைப் பார்த்து மாற்றி எழுதியது இது:

"அண்ணா, ஆவணியில ரெண்டாவது கடை திறந்தீங்க. தம்பி இப்ப தனியா கல்லாவுல உக்கார்றார்னு கேள்விப்பட்டேன். இந்த வருஷமாவது ஞாயித்துக்கிழமை நீங்க வீட்ல இருக்கணும். புத்தாண்டு வாழ்த்துகள்."

கூப்பிடும் முறை, அவர் வருஷத்தில் நடந்த ஒரு விஷயம், அதிலிருந்தே பிறக்கும் ஒரு வாழ்த்து. அவ்வளவுதான், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "பாக்கி பீஸ்" பற்றியோ, "தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க" என்றோ ஒரு வார்த்தை சேர்த்தால், மேலே எழுதிய மூன்று வரியும் அதற்கான பீடிகையாகிவிடும். பாக்கிக்கு வேறொரு நாள் தனியாக எழுதலாம்.

துக்கம் நடந்த வீட்டுக்கு 'வாழ்த்து' என்ற சொல்லே வேண்டாம். கணவரை இழந்த ஒரு டீச்சருக்கு எழுதியது: "டீச்சர், சார் இல்லாத முதல் ஜனவரி. பென்ஷன் காகிதங்களை நான் பாத்துக்கறேன், அலைய வேண்டாம். உடம்பைப் பாத்துக்கோங்க."

எங்கே தவறும்

கணக்கு பார்க்கிறவன் கவனிக்க வேண்டியது ரகசியம். கடைக்காரரின் போன் கல்லாமேல் கிடக்கும், வேலையாளும் பார்ப்பார், மச்சானும் பார்ப்பார். அதனால் தொகை, கடன், நோட்டீஸ், விற்ற நிலம் எதுவும் வாழ்த்தில் வரக்கூடாது. ஊருக்கே தெரிந்த நல்ல விஷயம் மட்டும்தான். உடல்நலம்கூட, அவரே எல்லாரிடமும் சொல்லியிருந்தால்தான்.

அடுத்தது வெட்டி ஒட்டுவது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதிவைத்து ஒவ்வொன்றாக ஒட்டினால், ஒருவர் மகள் கல்யாணம் இன்னொருவருக்குப் போய்விடும். அவரவர் உரையாடலைத் திறந்து அங்கேயே தட்டுவதுதான் பாதுகாப்பு. மேலே பழைய செய்திகளும் தெரியும், எழுத ஒன்று கிடைக்கும்.

பலன் தெரிவது பதிலில். படத்துக்கு வருவது கும்பிடு பொம்மை. ஒரு வரிக்கு வருவது இன்னொரு வரி. இரும்புக்கடை அண்ணா எழுதினார்: "ஞாயிறு எங்கப்பா, ரெண்டாவது கடைக்கு பில் மெஷின் வேற வாங்கணும், அதுக்கு என்ன செய்யணும்?" வாழ்த்து வேலையாகத் திரும்பி வருகிறது. அதனால் பதில் எழுதவும் தினம் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

200 பேருக்கு மேல் போனால் ஒருவரால் இது முடியாது. அப்போது நோட்டில் குறிப்புள்ளவர்களுக்கு மட்டும் எழுதலாம். மற்றவர்களுக்குப் படம் அனுப்பாமல் சும்மா இருந்தாலே போதும். அடுத்த கெடு தேதி செய்தியை அவர்கள் திறந்து பார்ப்பார்கள்.