பல்லில் கொஞ்சம் மஞ்சள் இருக்கட்டும்

கல்யாண ஆல்பம் அச்சுக்குப் போவதற்கு முன் ஸ்டூடியோவுக்கு வரும் வீட்டார், பெரும்பாலும் ஒரு வேண்டுகோளையாவது வைத்துவிட்டுத்தான் போவார்கள்: "பல்லு மட்டும் கொஞ்சம் வெள்ளையாத் தெரியற மாதிரி பண்ணிடுங்க அண்ணா." நியாயமான வேண்டுகோள்தான். வாழ்நாள் முழுக்க எடுத்துப் பார்க்கப்போகும் படத்தில் சிரிப்பு மங்கலாக இருப்பதை யார்தான் விரும்புவார்கள்? ஆனால் அந்த வேலை அவசரத்தில் நடந்தால், ஆல்பத்தில் மணமகளின் உதடுகளுக்கு நடுவே ட்யூப்லைட் எரிவதுபோல ஒரு வெள்ளைப் பட்டை வந்து உட்கார்ந்துவிடுகிறது. பார்ப்பவரின் கண் முகத்துக்குப் போகாமல் நேராகப் பல்லுக்குப் போகிறது. எங்கே தவறு என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் ஏதோ சரியில்லை என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும்.

இதற்குக் காரணம், பல் என்பது வெள்ளைப் பொருளே அல்ல என்பதுதான். மேலே இருக்கும் எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். நாம் பார்ப்பது எனாமல் வழியாகத் தெரியும் அந்த மஞ்சளைத்தான். ஈறுக்குப் பக்கத்தில் எனாமல் மெலிந்திருப்பதால் அங்கே மஞ்சள் கூடும். முன்பற்களின் கீழ் விளிம்பில் அடியில் டென்டின் இல்லாததால் லேசான சாம்பல் நீலம் தெரியும். கோரைப்பற்கள் பொதுவாக முன்பற்களைவிட ஒரு படி அடர்ந்த நிறம் கொண்டவை. பல் மருத்துவர்கள் செயற்கைப் பல்லுக்கு நிறம் பொருத்தப் பயன்படுத்தும் வீட்டா நிற அட்டையில் A1 முதல் D4 வரை 16 சாயல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடக் காகித வெள்ளை இல்லை. ஒரே வாய்க்குள் இருக்கும் இந்த வேறுபாடுகளை எல்லாம் அழித்து எல்லாப் பல்லுக்கும் ஒரே வெள்ளை பூசினால், அது பல்லாகவே தெரியாது.

எடிட்டர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்த மஞ்சள் பல்லுடையதா, வெளிச்சத்துடையதா என்பது. மண்டபத்து மேடையில் ஹாலஜன் விளக்கு போட்டிருந்தால் அதன் வெளிச்சம் சுமார் 3200 கெல்வின்; நல்ல மஞ்சள். கேமராவின் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் அதை முழுதாகச் சரிசெய்வதில்லை, கொஞ்சம் வெதுவெதுப்பை விட்டுவைக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி கண்ணின் வெண்படலத்தைப் பார்ப்பது. அதுவும் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி விளக்குதான். அப்போது பல்லைத் தொடாமல் முழுப் படத்தின் வொயிட் பேலன்ஸைத் திருத்த வேண்டும்.

இங்கே நம்மூர்ப் படங்களில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளை என்று நினைத்துப் பட்டு வேட்டியின் மேல் ஐட்ராப்பரை வைத்துச் சொடுக்கினால் முகமெல்லாம் நீலம் பாய்ந்துவிடும். பட்டு வேட்டி சந்தன நிறம், வெள்ளை அல்ல. மல்லிகைச் சரமும் அப்படித்தான். பருத்திச் சட்டையோ வெள்ளைத் துண்டோ படத்தில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படித் திருத்திய பிறகும் கொஞ்சம் வெதுவெதுப்பை மீட்டுவைப்பது நல்லது. தங்கமும் குங்குமமும் மஞ்சள் பூசிய தாலிக்கயிறும் குளிர்ந்த நிறத்தில் செத்துப்போகும். முழுப் படத்தைச் சரிசெய்ததுமே பல பேருடைய பல் சரியாகிவிடும். மேற்கொண்டு வேலையே இருக்காது.

அப்படியும் மஞ்சள் மிச்சமிருக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மணமகள் சிரிக்கிறார், கண் வெண்படலம் சரியாக இருக்கிறது, பல் மட்டும் மஞ்சள். ஃபோட்டோஷாப்பில் Info பேனலைத் திறந்து, ஐட்ராப்பரின் Sample Size-ஐ 5 by 5 Average என்று வைத்து, முன்பல்லின் நடுவில் அளக்கிறோம். சிவப்பு 205, பச்சை 185, நீலம் 140 என்று வருகிறது. இந்த மூன்று எண்களில் பார்க்க வேண்டியது முதலுக்கும் கடைசிக்கும் உள்ள இடைவெளி. 65 புள்ளி. நீலம் எவ்வளவு பின்தங்குகிறதோ அவ்வளவு மஞ்சள். செய்ய வேண்டியது இந்த இடைவெளியைப் பாதியாகக் குறைப்பது மட்டுமே. முழுதாக அழிப்பது அல்ல.

Hue/Saturation சரிசெய்தல் லேயர் ஒன்றைச் சேர்த்து, அதன் மாஸ்க்கை Ctrl+I அழுத்திக் கறுப்பாக்க வேண்டும். படத்தை 200 அல்லது 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் பல்லின் மேல் மட்டும் தடவ வேண்டும். ஈறின் ஓரத்தில் ஒன்றிரண்டு பிக்ஸல் உள்ளேயே நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் இருண்ட கோடுகளையும், வாயின் இரு ஓரங்களில் நிழலுக்குள் போகும் பற்களையும் விட்டுவிட வேண்டும். அந்த நிழல்தான் வாய்க்கு ஆழம் கொடுக்கிறது. அதை வெளுத்தால் பல்வரிசை தட்டையாக ஒட்டிய ஸ்டிக்கராகிவிடும்.

அடுத்ததுதான் முக்கியமான இடம். Hue/Saturation பெட்டியில் முதலில் Master என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு Saturation-ஐக் குறைத்தால் பிரஷ் தவறிப் பட்ட ஈறும் உதடும்கூட நிறமிழந்து சாம்பலாகும். Master-க்குப் பதில் Yellows-ஐத் தேர்ந்தெடுத்தால் மாற்றம் மஞ்சள் குடும்பத்தோடு நின்றுவிடும். ஈறின் சிவப்பு கிட்டத்தட்ட தொடப்படாமலே தப்பிக்கும். நம் படத்தில் Yellows-ன் Saturation-ஐ -50-க்குக் கொண்டுபோகிறோம். இப்போது அளந்தால் ஏறத்தாழ 191, 180, 154. இடைவெளி 65-லிருந்து 37-க்கு வந்துவிட்டது. மஞ்சள் குறைந்துவிட்டது, ஆனால் பல் வெளுக்கவில்லை. பார்த்தால் முன்பைவிடச் சற்று மங்கியிருப்பதுபோலக்கூடத் தோன்றும். நிறத்தை எடுக்கும்போது கொஞ்சம் வெளிச்சமும் கூடவே போய்விடுவதால் வரும் மங்கல் இது.

இந்த மங்கலைப் பார்த்துப் பதறித்தான் பலர் அதே பெட்டியில் Lightness-ஐப் பிடித்து இழுக்கிறார்கள். அதைச் செய்யக் கூடாது. Lightness நிறத்தோடு வெள்ளையைக் கலக்கிறது. பல்லின் மேல் சுண்ணாம்பு பூசிய தோற்றம் அங்கிருந்துதான் வருகிறது. அதற்குப் பதிலாக ஒரு Curves லேயரைச் சேர்த்து, Alt விசையை அழுத்திக்கொண்டு பழைய மாஸ்க்கை அதன் மேல் இழுத்து நகலெடுத்து, கோட்டின் நடுப்பகுதியை மட்டும் லேசாக உயர்த்த வேண்டும். 180 இருக்கும் இடம் 192 ஆகட்டும், போதும். பல் இப்போது ஏறத்தாழ 202, 192, 168. முதலில் இருந்த சிவப்பு 205. இப்போதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கூடியிருப்பது நீலம்தான். பார்ப்பவருக்குப் பல் பளிச்சென்று வெளுத்ததுபோலத் தெரியும்; உண்மையில் நாம் சேர்த்த வெளிச்சம் மிகக் குறைவு. இயல்பான சிரிப்புக்கும் போலிச் சிரிப்புக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது. மஞ்சளைக் குறைப்பவர் தப்பிக்கிறார், வெள்ளையைத் தேடுபவர் மாட்டிக்கொள்கிறார்.

சரி, அளவு மீறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணின் வெண்படலத்தோடு ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி. இரண்டிலும் ஒரே மாதிரி வெளிச்சம் விழும் படத்தில், பல் வெண்படலத்தைவிடப் பிரகாசமாக இருக்கக் கூடாது. அடுத்த அடையாளம், பல் நீலமாகத் தெரிவது. மூன்று எண்களும் சமமாகிவிட்டால், சுற்றிலும் தோலும் உதடும் சூடான நிறத்தில் இருப்பதால், நடுவில் இருக்கும் சாம்பல் நம் கண்ணுக்கு நீலமாகப்படும். அதனால்தான் கடைசிவரை நீலம் கொஞ்சம் பின்தங்கியே இருக்க வேண்டும்.

இதில் கண்ணையும் முழுதாக நம்ப முடியாது. 300 சதவீதத்தில் பத்து நிமிடம் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மஞ்சளும் பெரிதாகத் தெரியும், கை தானாக ஸ்லைடரை இழுக்கும். படத்தை ஆல்பத்தில் வரும் அளவுக்குச் சிறிதாக்கி, லேயரின் கண் சின்னத்தை அணைத்தும் போட்டும் பார்க்க வேண்டும். போடும்போது பல்தான் முதலில் கண்ணில் குத்துகிறது என்றால் இரண்டு லேயரின் Opacity-யையும் 60 அல்லது 70 சதவீதத்துக்குக் குறைத்துவிடலாம். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் சரியாகத் தெரியும்.

லைட்ரூமில் வேலை செய்பவர்களுக்கு மாஸ்க் வரையும் வேலை மிச்சம். Masking-ல் People-ஐத் தேர்ந்தெடுத்தால் Teeth என்று தனியாகவே பிரித்துத் தருகிறது. ஆனால் பிரித்துத் தருவது மட்டும்தான் அதன் வேலை. அளவு நம் கையில். அங்கே Saturation எல்லா நிறத்தையும் சேர்த்துக் குறைக்கும் என்பதால் -30-ஐத் தாண்டாமல், Exposure-ஐ 0.15 அளவில் நிறுத்திக்கொள்வது நல்ல தொடக்கம். கைபேசியில் ஸ்நாப்ஸீட் வைத்திருப்பவர்கள் Brush கருவியில் Saturation-ஐக் குறைந்த படியில் வைத்து, நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு ஒரே ஒரு முறை தடவினால் போதும். அதே இடத்தில் மறுபடி மறுபடி தடவுவதுதான் அங்கே கெடுக்கிறது.

இந்த முறைக்கு மசியாத கறைகளும் உண்டு. வெற்றிலை பாக்கின் கறை செம்பழுப்பு. Yellows-ஐ எவ்வளவு குறைத்தாலும் அது பெருமளவு அப்படியே நிற்கும். Reds-ல் -15 அல்லது -20 சேர்த்துக் குறைத்து, பல் இடுக்கில் படிந்ததை Healing Brush-ஆல் தனி லேயரில் தொட்டு எடுத்து, அந்த லேயரின் Opacity-யைப் பாதியாக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் அங்கே வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். அதில் நிறத்தை மட்டும் எடுத்தால் பழுப்புத் திட்டு சாம்பல் திட்டாகி முன்பைவிட அசிங்கமாகத் தெரியும்; திட்டின் இருட்டையும் சேர்த்துச் சிறிய பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியாக வேண்டும். அதைச் செய்யும் முன் படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. விளக்கு தந்த மஞ்சளைக் கேட்காமலே எடுக்கலாம். சின்ன வயதிலிருந்து ஒருவருடைய சிரிப்பில் இருப்பதை அவர் கேட்காமல் எடுக்கக் கூடாது. வீட்டார் கேட்டார்கள் என்பதும் அவரே கேட்டதாகாது.

ஆல்பம் என்று வரும்போது இன்னொரு கவனமும் தேவை. ஒரு படத்தில் சரியாக வந்த -50-ஐ அப்படியே நகலெடுத்து எல்லாப் படத்துக்கும் ஒட்டினால், ஹாலஜன் வெளிச்சத்தில் எடுத்ததில் போதாமலும், வாசலில் பகல் வெளிச்சத்தில் எடுத்ததில் அதிகமாகவும் போகும். மாலை வரவேற்பு, காலை முகூர்த்தம், வெளியே எடுத்த படங்கள் என்று வெளிச்சத்துக்கு ஒரு படமாக எடுத்து அளவை முடிவுசெய்து, அந்தந்தத் தொகுதிக்கு மட்டும் அதை ஒட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு படத்தைச் சின்ன அளவில் லேபில் அச்செடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மொத்த ஆல்பத்தையும் அனுப்பலாம்.