நாலு மணி காபியும் நள்ளிரவு விழிப்பும்

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது நரம்பணுக்களில் உள்ள தன் ஏற்பிகளில் போய் அமர்ந்தால் தூக்கம் சொக்கும். காஃபீனின் வடிவமும் ஏறக்குறைய அதைப் போன்றதே. அதனால் அந்த இருக்கைகளை அது பிடித்துக்கொள்கிறது. ஆனால் தூக்கத்தைத் தூண்டுவதில்லை. களைப்பு தீரவில்லை, தெரியாமல் மறைகிறது, அவ்வளவுதான்.

உடலில் காஃபீன் பாதியாகக் குறையப் பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்கு 100 மில்லிகிராம் குடித்தால், இரவு 9 மணிக்கு 50 மிச்சம். அதிகாலை 2 மணிக்கும் 25. தூக்கம் வந்தாலும் ஆழம் குறையும். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் மெதுவாகவே கரையும். இரவுத் தூக்கம் கெடுகிறதா? கடைசிக் காபியை மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.