தடையைத் தாண்டும் விலையும் வால்யூம் சொல்லும் சாட்சியும்

ஒரு பங்கின் விலை வாரக்கணக்கில் ஒரே இடத்தில் முட்டித் திரும்பினால், அந்த இடத்துக்குத் தடைநிலை என்று பெயர். உதாரணத்துக்கு ₹200 என்று வைத்துக்கொள்ளலாம். விலை அதை நெருங்கும்போதெல்லாம் விற்பவர்கள் வந்துவிடுகிறார்கள். விலை ₹190 பக்கம் இறங்கி, மறுபடி ஏறிப் பார்க்கிறது. ஒருநாள் அது ₹200-ஐத் தாண்டி முடிகிறது. இதுவே பிரேக்அவுட். அடுத்த ஏற்றம் தொடங்கிவிட்டது என்று நம்பி அன்றே வாங்குபவர்கள் பலர். ஆனால் தாண்டிய விலை இரண்டே நாளில் மீண்டும் ₹195-க்கு வந்து நிற்பதும் சந்தையில் அடிக்கடி நடப்பதுதான். எது நிலைக்கும், எது நிலைக்காது என்று எடைபோட உதவும் முதல் சாட்சி வால்யூம், அதாவது அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை.

தடைநிலை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் வால்யூமின் பங்கு புரியும். முன்பு ₹200-க்கு வாங்கி நஷ்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள், போட்ட பணம் வந்தால் போதும் என்று அந்த விலைக்காகக் காத்திருக்கிறார்கள். ₹180-க்கு வாங்கியவர்களும் அங்கே லாபத்தை எடுக்க நினைக்கிறார்கள். இப்படி ₹200-இல் விற்பனைக்கு ஒரு பெரிய சரக்கு சேர்ந்துவிடுகிறது. விலை அதைத் தாண்ட வேண்டுமானால் யாராவது பணம் போட்டு அந்தச் சரக்கு முழுவதையும் வாங்கித் தீர்க்க வேண்டும். அப்படி வாங்கித் தீர்த்தால் அன்றைய வால்யூம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். வால்யூம் கூடாமலே விலை தாண்டியிருந்தால், விற்க வந்தவர்கள் அன்றைக்கு ஒதுங்கியிருந்தார்கள் என்றுதான் பெரும்பாலும் பொருள். சரக்கு இன்னும் அங்கேயே இருக்கிறது. அவர்கள் திரும்பி வந்தால் விலை இறங்கிவிடும்.

வழக்கமான வால்யூம் எது என்பதைப் பங்குக்குப் பங்கு தனியாகக் கணக்கிட வேண்டும். கடந்த 20 வர்த்தக நாட்களின் சராசரியை எடுத்துக்கொள்வது பரவலான பழக்கம். பிரேக்அவுட் நாளின் வால்யூம் அந்தச் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு இருந்தால் நம்பிக்கை கூடுகிறது. இது அனுபவத்தில் வந்த அளவுகோல். துல்லியமான எல்லை அல்ல. காலை 11 மணி வால்யூமை முழுநாள் சராசரியோடு ஒப்பிடவும் கூடாது. தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் பிற்பகல் 3.30 வரை நடக்கிறது. நாள் முடிந்த பிறகு பார்ப்பதே சரியான ஒப்பீடு.

பிரேக்அவுட் நாளின் வால்யூம் அந்த ஒருநாளின் கதையை மட்டுமே சொல்லும். அதற்கு முந்தைய வாரங்களில் பங்கு சேர்க்கப்பட்டதா, கைகழுவப்பட்டதா என்று அறிய ஒரு கூட்டுக்கணக்கு உண்டு. அமெரிக்கரான ஜோசப் கிரான்வில் 1963-இல் வெளியிட்ட தம் நூலில் இதைப் பிரபலப்படுத்தினார். ஆன் பேலன்ஸ் வால்யூம், சுருக்கமாக ஓபிவி, என்பது இதன் பெயர். வர்த்தக மென்பொருள்களில் OBV என்ற பெயரில் இருக்கும்.

கணக்கு மிக எளிது. இன்றைய முடிவு விலை நேற்றையதைவிடக் கூடுதல் என்றால் இன்றைய வால்யூம் முழுவதையும் கூட்ட வேண்டும். குறைவு என்றால் முழுவதையும் கழிக்க வேண்டும். இரண்டும் சமம் என்றால் பழைய எண் அப்படியே நிற்கும். ஒவ்வொரு வர்த்தகத்திலும் ஒருவர் வாங்க, மற்றொருவர் விற்கிறார். ஆகவே வால்யூமை மட்டும் வைத்து யார் கை ஓங்கியது என்று சொல்ல முடியாது. விலை ஏறி முடிந்த நாளில் அவசரப்பட்டவர் வாங்கியவர், இறங்கி முடிந்த நாளில் அவசரப்பட்டவர் விற்றவர் என்பதே ஓபிவியின் அடிப்படை அனுமானம். விலை நகர்வதற்கு முன்பே வால்யூம் நகரும் என்பது கிரான்விலின் கருத்து.

ஒரு கற்பனைக் கணக்கில் இதைப் பார்க்கலாம். இரண்டு பங்குகள், இரண்டின் முடிவு விலையும் 9 நாட்களுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டுக்கும் தடைநிலை ₹200, தொடக்க விலை ₹190, ஓபிவி பூஜ்யத்தில் தொடங்குகிறது. வால்யூமும் ஓபிவியும் லட்சம் பங்குகளில்.

| நாள் | முடிவு விலை (₹) | முதல் பங்கு: வால்யூம் | ஓபிவி | இரண்டாம் பங்கு: வால்யூம் | ஓபிவி |
|---|---|---|---|---|---|
| 1 | 193 | 5 | 5 | 3 | 3 |
| 2 | 191 | 3 | 2 | 5 | −2 |
| 3 | 195 | 6 | 8 | 4 | 2 |
| 4 | 192 | 3 | 5 | 6 | −4 |
| 5 | 198 | 6 | 11 | 4 | 0 |
| 6 | 198 | 2 | 11 | 3 | 0 |
| 7 | 194 | 3 | 8 | 5 | −5 |
| 8 | 197 | 5 | 13 | 3 | −2 |
| 9 | 205 | 11 | 24 | 4 | 2 |

முதல் 8 நாட்களில் இரண்டு பங்குகளிலும் கைமாறியவை சமம்தான்: மொத்தம் 33 லட்சம், நாளுக்குச் சராசரி 4 லட்சத்துக்குச் சற்று மேல். விலை வரைபடத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் முதல் பங்கில் ஏறும் நாட்களில் வால்யூம் கூடுகிறது, இறங்கும் நாட்களில் வற்றுகிறது. 8-ஆம் நாளைக் கவனிக்க வேண்டும். விலை ₹197, 5-ஆம் நாளின் ₹198-ஐ இன்னும் எட்டவில்லை. ஓபிவியோ 11 என்ற பழைய உச்சத்தைத் தாண்டி 13-க்கு வந்துவிட்டது. தடை உடைவதற்கு முதல்நாளே வாங்குபவர்கள் சரக்கைச் சேர்த்து வந்ததற்கு இது அடையாளம். 9-ஆம் நாள் சராசரியைப் போல இரண்டரை மடங்குக்கு மேலான வால்யூமோடு விலை தாண்டுகிறது. இது உறுதிப்பட்ட பிரேக்அவுட்.

இரண்டாம் பங்கில் இறங்கும் நாட்களில்தான் வால்யூம் அதிகம். 9-ஆம் நாள் விலை ₹205 என்ற புதிய உச்சத்தில் நிற்க, ஓபிவி 2-இல் இருக்கிறது; முதல் நாளின் 3-ஐக்கூட எட்டவில்லை. அன்றைய வால்யூமும் சராசரிதான். விலை ஒரு திசையிலும் ஓபிவி வேறு திசையிலும் போகும் இந்த முரணை டைவர்ஜென்ஸ் என்கிறார்கள். இந்தப் பிரேக்அவுட்டைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

ஓபிவியில் திரையில் தெரியும் எண்ணுக்குத் தனி மதிப்பு கிடையாது. கணக்கு எந்த நாளில் தொடங்கியது என்பதைப் பொறுத்து அது மாறும். பார்க்க வேண்டியது அந்தக் கோடு தன் பழைய உச்சத்தைத் தாண்டியதா என்பதை மட்டுமே.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இடங்களும் உண்டு. முதலாவது, ஒருநாளின் வால்யூம் முழுவதற்கும் ஒரே குறி போடுவது. நேற்றைய முடிவு ₹197. இன்று விலை ₹209 வரை ஏறி, மேலே பெரும் விற்பனை வந்து, ₹198-இல் முடிகிறது. கைமாறியவை 11 லட்சம். ஒரு ரூபாய் ஏற்றம்தான் என்றாலும் ஓபிவி 11 லட்சத்தையும் கூட்டிக்கொள்ளும். உண்மையில் அன்று கை ஓங்கியவர்கள் விற்றவர்கள். அதனால் ஓபிவியை நம்புவதற்கு முன், முடிவு விலை அன்றைய உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா, தரைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உச்சத்துக்கு அருகில் முடிந்திருந்தால் சாட்சி வலுவானது.

இரண்டாவது, ஒரே ஒரு பெரிய பரிவர்த்தனை. ஒரு நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் 0.5 சதவிகிதத்துக்கு மேல் ஒருவர் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ அது பல்க் டீல். அதன் விவரத்தைச் சந்தை அன்றே வெளியிடுகிறது. 11 லட்சத்தில் 7 லட்சம் ஒரு பெரிய முதலீட்டாளர் இன்னொருவருக்குக் கைமாற்றியது என்று தெரிந்தால், மிச்சம் 4 லட்சம். அது சாதாரண நாள். ஆனால் ஓபிவி அந்த 7 லட்சத்தையும் சேர்த்துக்கொண்டு, அதன்பின் எப்போதும் அதைச் சுமந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, ஒரே நாளில் வாங்கி விற்கும் இன்ட்ராடே வர்த்தகம். அதுவும் வால்யூமில் சேரும், ஆனால் மாலையில் யார் கையிலும் பங்கு தங்காது. இதைப் பிரித்தறிய, சந்தை தினமும் வெளியிடும் டெலிவரி அளவு உதவும். 11 லட்சத்தில் 6 லட்சம் டெலிவரி என்றால் சுமார் 55 சதவிகிதம். அந்தப் பங்கின் வழக்கமான டெலிவரி விகிதம் 35 சதவிகிதமாக இருந்தால், வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளவே வாங்கியிருக்கிறார்கள். வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் அந்த வால்யூம் பெரும்பாலும் அன்றாடச் சூதாட்டத்தின் சத்தம்.

போனஸ், பங்குப் பிரிப்பு போன்றவையும் கணக்கைக் கெடுக்கும். 1:1 போனஸுக்குப் பிறகு பங்குகள் இரட்டிப்பதால் வால்யூமும் பெருகித் தெரியும். பழைய வால்யூம் அதற்கேற்பத் திருத்தப்பட்டிருக்க வேண்டும். தீபாவளி முகூர்த்த வர்த்தகம் குறுகிய நேரமே நடப்பதால் அன்றைய குறைந்த வால்யூமிலிருந்து முடிவெடுக்கக் கூடாது. அப்பர் சர்க்யூட்டில் பூட்டப்பட்ட பங்கிலும் வால்யூம் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் விற்பவரே இல்லை. அது வலிமையாகத் தோன்றினாலும் சிறிய பங்குகளில் அதே கதவு லோயர் சர்க்யூட்டிலும் பூட்டிக்கொள்ளும். அப்போது விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்காது.

பிரேக்அவுட்டுக்குப் பிந்தைய நாட்களிலும் வால்யூமைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். தாண்டிய விலை பல நேரங்களில் பழைய தடைநிலைக்குத் திரும்பி வரும். முதல் பங்கு ₹205-இலிருந்து ₹201-க்கு இறங்கும் நாட்களில் வால்யூம் 3 லட்சம், 2 லட்சம் என்று வற்றினால் நல்லது. விற்க அவசரப்படுபவர்கள் இல்லை, நேற்றைய தடை இன்றைய தாங்குநிலையாக மாறியிருக்கிறது. அதே பங்கு ₹200-க்குக் கீழே 8 லட்சம், 9 லட்சம் வால்யூமோடு முடிந்தால் பிரேக்அவுட் தோற்றுவிட்டது. 24-இல் இருந்த ஓபிவி அப்போதும் 15, 16 என்று உயரத்தில்தான் காட்டும். அந்த உயரத்தை நம்பிப் பங்கைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. சாட்சி எவ்வளவு வலுவாக இருந்தாலும், தீர்ப்பைச் சொல்வது விலை.