இரண்டு வாயில் நிறைந்துவிடும் வயிறு

கீழச்சிவல்பட்டி கல்யாண வீட்டுப் பந்தியில் ஓர் ஆச்சி வெள்ளைப் பணியாரத்தைப் பாதி பிய்த்துவிட்டு இலையை மூடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ரெண்டு வாய்தான் வச்சேன், நெஞ்சுக்குழி வரைக்கும் அடைச்சிருச்சு" என்கிறார். வயசாகிவிட்டது, பித்தம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஆனால் அவருக்கு 15 வருஷமாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அப்படி இருக்கும்போது பித்தத்தின் மேல் பழிபோட்டு விடுவது சரியில்லை.

சாப்பாடு உள்ளே இறங்கும்போது இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்கும். கீழ்ப்பகுதி அதை ஓரிரு மில்லிமீட்டர் துகளாக அரைத்துச் சிறுகுடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். இரண்டு வேலையையும் நடத்துவது வேகஸ் நரம்பு. பல வருஷச் சர்க்கரை கால் நரம்புகளைக் கெடுப்பதுபோல இதையும் கெடுக்கும். மேல்பகுதி தளராவிட்டால் கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். கீழ்ப்பகுதி தள்ளாவிட்டால் காலையில் தின்றது ராத்திரி வாந்தியில் வரும்.

வயிற்றைவிட முன்னதாகச் சர்க்கரைக் கணக்கே சில சமயம் இதைக் காட்டிக்கொடுக்கும். சாப்பாட்டுக்கு முன் போட்ட இன்சுலின் நேரத்துக்கு வேலை செய்கிறது. சாப்பாடோ இரைப்பையிலேயே கிடக்கிறது. அதனால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டும், சில மணி நேரம் கழித்து எகிறும். ஆச்சி இனிப்பைத் திருடித் தின்கிறார் என்று வீட்டில் சந்தேகப்படுவது இந்த இடத்தில்தான்!

மருத்துவர் முதலில் எண்டோஸ்கோப்பி பார்ப்பார். பழைய புண் தழும்பாகி இரைப்பையின் கீழ்வாயில் சுருங்கியிருக்கலாம், இரைப்பைப் புற்றுநோயும் இருக்கலாம். இவற்றை விலக்காமல் நரம்பைக் குற்றம் சொல்ல முடியாது. எடை குறைவு, கறுத்த மலம், ரத்தசோகை, ஓயாத வாந்தி இருந்தால் தாமதிக்கவே கூடாது. அடைப்பு இல்லையென்றால், மிகக் குறைந்த அளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். 4 மணி நேரத்துக்குப் பிறகும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே நின்றால், இரைப்பை மந்தம் உறுதி.

பத்தியம்தான் நம்மவர்களைக் குழப்பும். நல்லது என்று கொடுக்கும் கீரையும் முருங்கைக்காய் நாரும் இங்கே ஆகாது. அரைபடாமல் உருண்டையாகத் திரண்டு அடைக்கும். எண்ணெய்ப் பலகாரம் இன்னும் மெதுவாக இறங்கும். குழைந்த சோறு, கஞ்சி, வடிகட்டிய ரசம் என்று ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். இன்சுலின் நேரத்தை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். எடை குறைக்க இப்போது வந்திருக்கும் செமாகுளுடைட் ஊசியும் இரைப்பையை மந்தமாக்கும்; போட்டுக்கொள்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. சாப்பாடு குறைந்தும் வயிறு மட்டும் பெருத்து, பாவாடை நாடா இறுகுகிறது என்றால், இரைப்பையோடு நிறுத்தாமல் சூலகத்தையும் ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சூலகப் புற்றுநோயில் வயிற்றுக்குள் நீர் கோத்து இரைப்பையை வெளியிலிருந்தே அழுத்தும்; அப்போது எண்டோஸ்கோப்பியில் எல்லாம் சரியாகவே தெரியும்.